3 புத்தகம், 2 நோட்ஸ், 11 சேனல்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மழைத்துளி

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் 16 வாரம் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்துப் பாடத்திட்டத்தை எண்ணினால் 60 அத்தியாயம் வருகிறது. படிக்க உட்காருவதில் எனக்குச் சிக்கல் இல்லை. திட்டம் போடுவதில்தான் சிக்கல்.

இயற்பியலுக்கு மட்டும் என்னிடம் 3 புத்தகம் உண்டு. வகுப்பில் கொடுத்த நோட்ஸ் ஒன்று, சீனியர் அக்கா கொடுத்த நோட்ஸ் ஒன்று. சேவ் செய்து வைத்திருக்கும் சேனல்கள் 11. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நேராக "புத்தகம், நோட்ஸ், வீடியோ" என்று மூன்று வரி எழுதுகிறேன். வாரக் கடைசியில் பாதி வரிகள் அப்படியே நிற்கும். அவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, திட்டத்தை மறுபடி எழுதுவதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. அதற்குள் குழுவில் யாராவது "இது ஒன்று போதும்" என்று இன்னொரு பிடிஎஃப் போட்டுவிடுகிறார்கள்.

குறைக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். எதை வைத்து எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது? விட்ட புத்தகத்திலிருந்து கேள்வி வந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரேபுத்தகம்

என் பெயரிலேயே பதில் இருக்கிறது. பாடத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அட்டையிலிருந்து அட்டை வரை பத்து முறை படியுங்கள். பத்தாவது முறை எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். மீதிப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருந்தால் கை போகும்.

கோப்பு

எனக்கும் இதே தொல்லைதான். போனில் 400 பிடிஎஃப் சேர்ந்துவிட்டது. பாடவாரியாக ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் அத்தியாய எண்ணைச் சேர்த்தேன். இப்போது தேடினால் உடனே கிடைக்கிறது. வீடியோவுக்கும் பாடவாரியாகத் தனித்தனி பிளேலிஸ்ட் போடலாம். ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மழைத்துளி

@கோப்பு, நன்றி. ஆனால் எனக்குத் தேடினால் கிடைக்காதது பிரச்சினை இல்லையே. எல்லாம் கிடைக்கிறது, அதுதான் பிரச்சினை.

சாக்பீஸ்

இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்தக் கேள்வி வருடா வருடம் வரும், பதிலும் பெரும்பாலும் "நல்ல புத்தகம் எது" என்று பெயர்ப் பட்டியலாகத்தான் போகும். அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவாது மழைத்துளி. புத்தகம் நல்லதா என்பதைவிட, அதைப் படித்த பிறகு உங்களால் உங்கள் தேர்வின் கேள்வியைப் போட முடிகிறதா என்பதுதான் முக்கியம். அதை ஓர் அத்தியாயத்தை வைத்தே சோதித்துவிடலாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 16 வாரம், வாரத்துக்கு 6 நாள் என்றால் 96 நாள். 60 அத்தியாயத்துக்கும் மும்மூன்று வரி என்றால் 180 வேலை. தினமும் இரண்டு வேலையை விடாமல் முடித்தாலும் 90 நாள் போய்விடும். மிஞ்சும் 6 நாளில் திருப்புதலும் மாதிரித் தேர்வும் எப்படி நடக்கும்? உங்கள் திட்டம் வாரா வாரம் உடைவதற்கு உங்கள் சோம்பல் காரணம் இல்லை, அது தாளிலேயே நிற்காத திட்டம். அத்தியாயத்துக்கு ஒரு வரி என்றால் 60 வேலைதான். சில அத்தியாயம் இரண்டு நாள் எடுக்கும், சில அரை நாளில் முடியும். சராசரி ஒரு நாள் என்று வைத்தால் 36 நாள் கையில் நிற்கிறது.

இனி சோதனை. நடுத்தரக் கடினமான ஓர் அத்தியாயத்தை எடுங்கள், வெப்ப இயக்கவியல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தேர்வின் பழைய வினாத்தாள்களிலிருந்து அந்த அத்தியாயத்துக்கான 20 கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பிறகு முதலில் கைக்கு வரும் ஒரு புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்து, தீர்த்துக்காட்டிய கணக்குகளை நீங்களே போட்டுவிட்டு, ஒரு நாள் இடைவெளி கொடுத்து அதே 20 கேள்விகளுக்கு மறுபடி வாருங்கள்.

வராத ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். கூட்டல் கழித்தலில் தவறியது ஒன்று. விஷயம் புத்தகத்தில் இருக்கிறது, உங்களுக்குக் கை வரவில்லை என்பது இரண்டாவது. விஷயமே புத்தகத்தில் இல்லை என்பது மூன்றாவது. மூன்றாவது வகைக்கு மட்டும்தான் இன்னொரு புத்தகம் மருந்து. முதல் இரண்டுக்கும் இன்னொரு புத்தகம் வாங்கினால் அதே விஷயத்தை வேறு எழுத்துருவில் படிப்பீர்கள், அவ்வளவுதான்.

செய்துவிட்டு எண்ணிக்கையை இங்கே போடுங்கள்.

@ஒரேபுத்தகம், ஒரு புத்தகம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். பத்து முறை படிப்பதில் இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பகுதியை ஒரு குழு நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று தெரிவதும், கேள்வி வந்தால் விடை எழுதுவதும் ஒன்றல்ல.

ஒரேபுத்தகம்

சரி சார், பத்து முறை என்பதை மூன்று முறை படிப்பு, ஏழு முறை எழுதிப் பார்ப்பு என்று திருத்திக்கொள்கிறேன். ஒரு புத்தகம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசிபெஞ்ச்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. முதல் இடங்களில் வந்தவர்களின் பேட்டியைப் பாருங்கள். ஏழெட்டுப் புத்தகம் சொல்கிறார்கள். ஒன்றே போதும் என்றால் அவர்கள் ஏன் அத்தனை பார்த்தார்கள்? நான் போன முறை ஒரே புத்தகத்தை நம்பிப் போனேன், கணிதத்தில் பார்த்தே இராத வகைக் கேள்விகள் வந்தன. குறைப்பது என்பது பயந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல இருக்கிறது.

சாக்பீஸ்

@கடைசிபெஞ்ச், நியாயமான கேள்விதான். பேட்டியில் வரும் பட்டியல் இரண்டு வருடத்தில் அவர் தொட்ட எல்லாப் புத்தகங்களின் பட்டியல். எதை முழுதாக முடித்தார், எதில் ஓர் அத்தியாயம் மட்டும் பார்த்தார் என்பது அதில் இருக்காது. அதே ஏழெட்டுப் புத்தகத்தை வைத்திருந்து தேறாதவர்களை யாரும் பேட்டி எடுப்பதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடம் கற்கும் புத்தகமும் கேள்வித் தொகுப்பும் வேறு வேறு. கற்பதற்கு ஒன்று என்று நான் சொல்வதற்குள் கேள்விகளுக்கும் அதே ஒன்றுதான் என்ற பொருள் இல்லை. பழைய வினாத்தாள் கட்டாயம். அது போதாத பாடத்துக்குத் தனிப் பயிற்சிப் புத்தகம் ஒன்று சேர்க்கலாம். உங்கள் கணிதச் சிக்கல் பாடப் புத்தகத்தால் வந்ததா, கேள்விகள் போதாமல் வந்ததா?

கடைசிபெஞ்ச்

கேள்விகள் போதாமல்தான் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் இருந்த கணக்கை எல்லாம் போட்டேன். ஆனால் எல்லாம் அத்தியாயத் தலைப்பின் கீழேயே இருந்ததால், எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தேர்வில் தலைப்பு இல்லாமல் வந்தது. ஆனாலும் இயற்பியலுக்கு இரண்டாவது புத்தகம் தேவையே இல்லை என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வேலைக்குநடுவில்

நான் வேலை பார்த்துக்கொண்டே கணக்கியல் தொழில்முறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். என் நிலை கொஞ்சம் வேறு. வரிச் சட்டம் வருடா வருடம் மாறும். போன வருடப் பதிப்பை நம்பி ஒரே புத்தகம் என்று உட்கார்ந்தால், மாறிப்போன விகிதத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் வரிக்கு ஒரு புத்தகம், அதோடு தேர்வு நடத்தும் அமைப்பே வெளியிடும் திருத்தக் குறிப்பு என்று இரண்டு வைத்திருக்கிறேன். தணிக்கைப் பாடத்துக்கு ஒன்றுதான்.

ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். திருத்தக் குறிப்பைத் தனியாக வைத்தால் அது இன்னொரு புத்தகம்போல் ஆகிவிடுகிறது, திட்டத்தில் இன்னொரு வரி கேட்கிறது. இப்போதெல்லாம் குறிப்பு வந்த அன்றே புத்தகத்தின் அந்தந்தப் பக்கத்தில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிவிடுகிறேன். அப்புறம் குறிப்பைத் திறப்பதே இல்லை. எந்தத் தேதிவரை வந்த திருத்தம் தேர்வுக்குச் செல்லும் என்று அமைப்பே அறிவிக்கும், அதற்குப் பிறகு வருவதைத் தொடுவதில்லை.

சாக்பீஸ்

@வேலைக்குநடுவில் சொல்வது முக்கியமான விதிவிலக்கு. மாறும் பாடத்துக்கும் மாறாத பாடத்துக்கும் ஒரே விதி கிடையாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி அடுத்த வருடம் மாறப்போவதில்லை. ஆனால் பாடத்திட்டம் மாறும், அதனால் மழைத்துளியும் தன் புத்தகத்தின் பொருளடக்கத்தை நடப்புப் பாடத்திட்டத்தோடு ஒரு முறை வரிக்கு வரி ஒப்பிட்டுவிட வேண்டும். நீக்கப்பட்ட பகுதிகளைப் பென்சிலால் அடித்துவிட்டால் திட்டம் இன்னும் இளைக்கும்.

மழைத்துளி

செய்துவிட்டேன் சார். எண்ணிக்கை இதோ.

வெப்ப இயக்கவியல், 20 கேள்விகள். புத்தகம் திறக்காமல் 6 சரி. என்னிடம் இருந்ததில் நடுத்தரப் பருமனான புத்தகத்தை எடுத்துப் படித்து, கணக்கு போட்டு, ஒரு நாள் கழித்துத் திரும்ப வந்தபோது 13 சரி. மீதி 7இல் இரண்டு கணக்கில் தவறியவை. மூன்று கேள்விகளுக்கு விஷயம் புத்தகத்தில் இருந்தது, ஆனால் P-V வரைபடத்தில் ஒரு சுழற்சியைக் கொடுத்து மொத்த வேலையைக் கேட்டபோது திசையைக் கவனிக்கத் தெரியவில்லை. மூன்றுமே அதே வகைதான். மீதி இரண்டில் விஷயமே இல்லை. இரண்டும் PV^x மாறிலியாக இருக்கும் நிகழ்வில் மோலார் வெப்ப ஏற்புத்திறனைக் கேட்டவை. சம வெப்பநிலை, வெப்பப் பரிமாற்றமில்லாதது என்று தெரிந்த இரண்டைத்தான் என் புத்தகம் சொல்கிறது, பொதுவான வடிவத்தைச் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பமும் தட்டுப்பட்டது. முதல் விதியை என் இயற்பியல் புத்தகம் ΔU = Q − W என்று எழுதுகிறது. நான் பார்த்த ஒரு வீடியோவில் ΔU = Q + W என்று இருக்கிறது. இரண்டில் எது தவறு? தவறு செய்யும் சேனலை முதலில் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

கடைசிபெஞ்ச்

வீடியோதான் தவறு. வாயு விரிந்து வேலை செய்தால் ஆற்றல் குறையத்தானே வேண்டும், கழித்தல்தான் சரி.

சாக்பீஸ்

இரண்டும் சரி. W என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. வாயு வெளியே செய்த வேலையை W என்று எடுத்தால் கழித்தல் வரும், இயற்பியல் புத்தகங்களில் பெரும்பாலும் அப்படித்தான். வாயுவின் மீது செய்யப்பட்ட வேலையை W என்று எடுத்தால் கூட்டல் வரும், வேதியியலில் இன்று அதுதான் வழக்கம். அந்த வீடியோ வேதியியல் பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

ஒரு கணக்கில் பாருங்கள். வாயுவுக்கு 500 J வெப்பம் கொடுக்கிறோம், அது விரிந்து 200 J வேலை செய்கிறது. முதல் முறையில் 500 − 200, அதாவது 300 J. இரண்டாம் முறையில் W என்பது −200, எனவே 500 + (−200), அதுவும் 300 J. இப்போது வீடியோவின் வாய்பாட்டில் புத்தகத்தின் W-ஐப் போட்டால் என்ன ஆகும்? 500 + 200, விடை 700 J. கேள்வி எழுதுபவருக்கும் இது தெரியும். நான்கு விடைகளில் ஒன்றாக 700 காத்திருக்கும்.

லென்ஸிலும் இதே கதைதான். ஒரு மரபில் 1/v − 1/u = 1/f, இன்னொன்றில் 1/v + 1/u = 1/f. தூரங்களுக்கு எந்தக் குறி என்று அந்தந்த மரபின் முழு விதியோடு படித்தால் இரண்டும் வேலை செய்யும். ஒன்றின் வாய்பாட்டையும் மற்றதன் குறிகளையும் கலந்தால் எதுவும் வேலை செய்யாது.

நிறைய இடங்களில் படித்தால் நேரம் மட்டும்தான் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். தனித்தனியாகச் சரியாக இருக்கும் இரண்டு புத்தகங்கள் சேரும்போது தவறான விடை பிறக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இதைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் எந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாலும் நீங்கள் எழுதிய வாய்பாடு சரியாகவே இருக்கும்.

உங்கள் இயற்பியல் நோட்டின் முதல் பக்கத்தில் "W = வாயு செய்த வேலை" என்று எழுதுங்கள். வேதியியல் நோட்டில் அதன் மரபை எழுதுங்கள். லென்ஸ் குறியும் அங்கேயே வரட்டும். அரைப் பக்கம்கூட ஆகாது.

இனி உங்கள் எண்ணிக்கைக்கு வருவோம். வராத 7 கேள்விகளில் புத்தகத்தின் குறை 2 மட்டுமே. நீங்கள் பயந்தது அந்த இரண்டைத்தான், அடிபட்டது மற்ற ஐந்தில். சுழற்சி வகைக்கு இன்னும் ஏழெட்டுக் கணக்கு போடுங்கள். கடிகாரத் திசையில் போனால் வாயு செய்த மொத்த வேலை நேர்க்குறி, எதிர்த்திசையில் எதிர்க்குறி, அளவு அடைபட்ட பரப்பு. P நின்ற அச்சிலும் V கிடந்த அச்சிலும் இருக்கும்போது மட்டும் இது சரி, அச்சுகளை மாற்றிக் கொடுத்து ஏமாற்றும் கேள்வியும் உண்டு.

இல்லாத இரண்டு கேள்விகளுக்கு உங்கள் மற்ற இரண்டு புத்தகங்களில் எதில் இருக்கிறதோ அதிலிருந்து C = Cv + R/(1 − x) எப்படி வருகிறது என்பதை ஒரு தாளில் நீங்களே வருவித்து, புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒட்டிவிடுங்கள். x = 0 போட்டால் Cp வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் சரி. அத்தோடு அந்த இரண்டாவது புத்தகத்தின் வேலை முடிந்தது. அது மேசையில் இருக்க வேண்டியதில்லை, அலமாரியில் இருக்கட்டும்.

மழைத்துளி

x = 0 போட்டேன், Cv + R வந்தது. ஒட்டிவிட்டேன்.

ஓர் அத்தியாயத்தை மட்டும் வைத்து முழுப் புத்தகத்தையும் நம்பலாமா?

சாக்பீஸ்

ஒன்றை வைத்து நம்ப வேண்டாம். இயந்திரவியலில் ஒன்று, மின்னியலில் ஒன்று என்று இன்னும் இரண்டு இடத்தில் பாருங்கள். என் கைக்கணக்கு இது: 20 கேள்விகளில் விஷயமே இல்லாதவை மூன்று வரை என்றால் ஒட்டுத்தாள் போதும். இரண்டு அத்தியாயங்களில் தொடர்ந்து ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் உங்கள் தேர்வுக்குப் பொருந்தவில்லை, மாற்றுங்கள். மாற்றுவது என்றால் பழையது போய்ப் புதியது வர வேண்டும். இரண்டும் மேசையில் நின்றால் அதற்குப் பெயர் மாற்றம் இல்லை. இதை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பத்தாவது வாரத்தில் புத்தகம் மாற்றுபவர்கள் புதிய புத்தகத்தின் முதல் நான்கு அத்தியாயங்களோடு தேர்வுக்குப் போவார்கள்.

இரவுப்பறவை

புத்தகம் சரி, சேனல் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் நேரத்தைத் தின்றது அதுதான். ஓர் ஆசிரியரின் முழு இயற்பியல் பிளேலிஸ்டை எடுத்தேன். 120 வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். பெருக்கினால் 100 மணி நேரம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 67 மணி நேரம் என்று சந்தோஷப்பட்டேன். நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எழுதினால் அது மறுபடி 100-ஐத் தாண்டுகிறது. அதன் முடிவில் நானாகப் போட்ட கணக்கு எத்தனை என்று பார்த்தால் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அதுதான் எனக்குப் புரியாதது.

சாக்பீஸ்

@இரவுப்பறவை, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்ப்பெண்டர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 2013இல் வெளியிட்டது. மூவண்ணப் பூனைகள் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன என்று விளக்கும் ஒரு குட்டி வீடியோ. ஒரே ஆசிரியர், ஒரே வசனம். ஒன்றில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, சரளமாகப் பேசுகிறார். மற்றதில் குறிப்பைப் பார்த்துத் தடுமாறிப் படிக்கிறார். சரளமாகப் பேசிய வீடியோவைப் பார்த்தவர்கள் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நினைத்தார்கள். கேட்டுப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெளிவு அவர் பேச்சில் இருக்கிறது, நமக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுழல் இயக்கம், முப்பரிமாண வடிவியல் மாதிரி, அசைவையோ திருப்பிப் பார்ப்பதையோ காட்ட வேண்டிய இடத்தில் ஒரு பக்கப் படத்தைவிட அது நல்லது. பாடத்துக்கு ஒரு சேனலை வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இரண்டு முறை முயன்றும் ஏறாத பகுதிக்கு மட்டும் போங்கள். போகும் முன் எது புரியவில்லை என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ முடிந்ததும் தாளை எடுத்து அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வீடியோவைத் தேடாமல் புத்தகத்துக்கே திரும்புங்கள்.

சேனலைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் புத்தகத்தின் குறி மரபைப் பின்பற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பலர் பார்க்கும் சேனல், சிரிக்க வைக்கும் ஆசிரியர் என்பதெல்லாம் அப்புறம்.

கோப்பு

இதில் நான் உதவ முடியும் என்று நினைக்கிறேன். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவதில்லை. வெறுமையாக இருக்கும், தேடும் கட்டம் மட்டும் தெரியும். 2023 முதல் அப்படித்தான். பிளேலிஸ்ட் இணைப்பை நோட்டுக் கோப்பில் வைத்து அதன் வழியாகவே திறக்கிறேன். ஆனால் வீடியோவின் ஓரத்தில் வரும் பரிந்துரை அப்போதும் வரும், அதற்கு முழுத்திரைதான் வழி.

இன்னொன்று, அந்த 400 பிடிஎஃபை எண்ணிப் பார்த்தேன். நான் திறந்தது 20க்குள்தான் இருக்கும். மீதியை "தேர்வுக்குப் பின்" என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை.

சாக்பீஸ்

அழிக்க வேண்டாம், கண்ணில் படாமல் இருந்தால் போதும். ஒன்று மட்டும், குழுக்களில் சுற்றும் கையெழுத்து நோட்ஸில் கவனமாக இருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதி, அதை மூன்றாமவர் படம் எடுத்தது. அடுக்குக்குறியும் கழித்தல் குறியும் வழியில் காணாமல் போயிருக்கும். சரிபார்க்க எளிய வழி, அதில் உள்ள ஐந்து வாய்பாடுகளுக்கு இரண்டு பக்கமும் அலகைப் போட்டுப் பாருங்கள். ஒன்று உதைத்தாலும் அந்த நோட்ஸை விட்டுவிடலாம். கழித்தல் குறி விடுபட்டால் அலகு காட்டிக்கொடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மழைத்துளி

சீனியர் அக்காவின் நோட்ஸை என்ன செய்வது? அது கை மாறி வந்ததில்லை, அவரே எழுதியது. அழகாக இருக்கிறது. விட மனமில்லை.

வேலைக்குநடுவில்

தங்கச்சி, அந்த நோட்ஸ் அவருக்கு வேலை செய்ததற்குக் காரணம் அதை அவர் எழுதினார் என்பதுதான். அவருக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, தெரியாததை மட்டும் எழுதியிருப்பார். உங்களுக்குத் தெரியாதது வேறாக இருக்கும். ஓர் அத்தியாயத்தை நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அப்புறம் அக்காவின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் விட்டது அதில் இருந்தால் சிவப்பு மையில் சேர்த்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு இல்லாமல் திருத்துவதற்கு வைத்துக்கொண்டால் திட்டத்தில் தனி வரி கேட்காது.

ஒரேபுத்தகம்

இப்படியே போனால் அக்கா நோட்ஸ், வகுப்பு நோட்ஸ், ஒட்டுத்தாள், சேனல் எல்லாம் பின்வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும். பார்த்துக்கொண்டே இருங்கள்.

மழைத்துளி

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் திட்டத்தாளையே மாற்றிவிட்டேன். அத்தியாயத்துக்கு ஒரு வரி. வரியில் நான்கு கட்டம்: படித்தது, பழைய கேள்வி 20, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை. புத்தகத்தின் பெயரையோ சேனலின் பெயரையோ எழுத இடமே விடவில்லை. யாராவது புதிதாக எதையாவது அனுப்பினால் கடைசிப் பக்கத்தில் பெயரை மட்டும் எழுதி வைக்கிறேன். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன், ஒட்டுத்தாள் தேவைப்பட்ட இடம் ஏதாவது அதில் இருந்தால் மட்டும் திறப்பேன்.

இயற்பியலுக்கு அந்த நடுத்தரப் புத்தகம். மின்னியலிலும் பார்த்தேன், 20இல் விஷயமே இல்லாதது ஒன்றுதான். இயந்திரவியல் இன்னும் மிச்சம். கணிதத்துக்கு வகுப்பில் நடத்தும் புத்தகம், அதோடு அத்தியாயத் தலைப்பு இல்லாமல் கலந்து கேள்வி வரும் பயிற்சிப் புத்தகம் ஒன்று. இது கடைசிபெஞ்ச் அண்ணா சொன்னதைக் கேட்டுச் சேர்த்தது.

வேதியியலில்தான் மாட்டிக்கொண்டேன். இயற்பிய வேதியியல் கணக்கு, கரிம வேதியியல் வினைகள், கனிம வேதியியல் மனப்பாடம் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே புத்தகம் போதுமா?

கடைசிபெஞ்ச்

போதாது. கனிமத்துக்குப் பாடநூலை வரி வரியாகப் படிக்கலாம், கேள்வி அதிலிருந்தே வருகிறது. இயற்பிய வேதியியலுக்கு அதே புத்தகத்தில் கணக்கு போதாது. நான் இரண்டு வைத்திருக்கிறேன், விடமாட்டேன்.

சாக்பீஸ்

வேதியியல் என் பாடம் இல்லை, அதனால் இரண்டா ஒன்றா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசிபெஞ்ச் சொல்வது சரியாகவே இருக்கலாம். சமநிலை அத்தியாயத்தில் அதே 20 கேள்வி முறையைப் பாருங்கள், வராதவை கணக்குப் பயிற்சி இல்லாமலா, விஷயம் இல்லாமலா என்று தெரிந்துவிடும். பயிற்சி இல்லாமல் என்றால் கணிதத்துக்குச் செய்ததுபோல் கேள்விப் புத்தகம் ஒன்றைச் சேருங்கள், பாடம் படிக்கும் புத்தகத்தை இரட்டிக்க வேண்டாம். வேதியியல் நடத்துபவர்கள் யாராவது இருந்தால் கரிமத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை

நான் வேதியியல் நடத்துபவள் இல்லை, ஆனால் கரிமத்தில் ஒன்று கவனித்தேன். ஒரே வினைக்கு ஒரு புத்தகம் ஒரு வினைப்பொருளை எழுதுகிறது, இன்னொரு புத்தகம் வேறொன்றை எழுதுகிறது. வெப்பநிலையைப் பார்த்தால் புரிகிறது. பியூட்டா-1,3-டையீனில் HBr சேர்க்கும்போது குளிரில் 1,2 சேர்க்கை அதிகம், சூட்டில் 1,4 அதிகம். என் நோட்ஸில் வெப்பநிலையே எழுதப்படவில்லை, வினைப்பொருள் மட்டும் இருந்தது. கரிமத்துக்கு எதை வைத்துக்கொண்டாலும், அம்புக்குறியின் மேல் நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

மழைத்துளி

அக்காவின் நோட்ஸில் பார்த்தேன், கரிமப் பகுதியில் பாதி அம்புகளின் மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். சமநிலை அத்தியாயத்தை இந்த வாரம் போட்டுவிட்டு எண்ணிக்கையோடு வருகிறேன்.